பெயர் தெரியாத மசாலாப் பொருளின் படம் வந்தால்: மராட்டி மொக்கில் தொடங்கும் வழிகாட்டி

இரவு 9 மணிக்கு மேல் கடையைச் சாத்தும் நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. எவர்சில்வர் தட்டில் கருத்த நிறத்தில் நாலைந்து குச்சி மாதிரி ஏதோ கிடந்தது. கூடவே ஒரு வார்த்தைகூட இல்லை. எங்கள் தெருவில் வளர்ந்து, கல்யாணமாகி பெங்களூருக்குப் போன பெண் அனுப்பியது. மளிகைக் கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இப்படி வாரம் ஒன்றிரண்டு படமாவது வந்துவிடும். பார்த்த உடனே "கிராம்பு" என்று அடிக்கப் போனேன். அடிக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

அந்தப் படத்தில் மூன்று கேள்விகள் இருக்கலாம். இது என்ன? இதை எதில் போடுவது? சமையலுக்கு இது வேண்டும், இல்லாவிட்டால் வேறு எதைப் போடலாம்? வார்த்தை இல்லாமல் படம் அனுப்புகிறவருக்கு இவற்றில் எது வேண்டும் என்பது நமக்குத் தெரியாது. பெயரைச் சொன்னால் போதும் என்றுதான் நானும் பல வருடம் நினைத்தேன். ஆனால் அடுப்பில் எண்ணெயைக் காய வைத்துவிட்டு நிற்கிறவருக்குப் பெயரால் என்ன பயன்? அவருக்குத் தெரிய வேண்டியது போடலாமா, கூடாதா, எத்தனை என்பதுதான். அதனால் இப்போதெல்லாம் பதிலுக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: "என்னம்மா, சமைக்கப் போறியா, டப்பாவில் கிடந்ததா?"

"டப்பாவில் கிடந்தது அண்ணாச்சி. அத்தை ஊருக்குப் போயிருக்காங்க. நாளைக்குச் சமைக்கணும், கேட்கக் கூச்சமா இருக்கு."

மாமியாரின் டப்பா என்றதும் பாதி வேலை முடிந்த மாதிரி. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் படத்தைச் சரிசெய்ய வேண்டும்.

படத்தை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்

படத்தில் தொலைந்துபோகும் முதல் விஷயம் அளவு. கிட்டத்தில் வைத்து எடுத்தால் கடுகுகூட மிளகு மாதிரி தெரியும். கிராம்பு ஒன்றரை செ.மீ. இருக்கும், இரண்டு செ.மீ.க்கு மேல் போவது அபூர்வம். அவள் அனுப்பிய படத்தில் இருந்தது ஒன்றரை செ.மீ.யா, மூன்று செ.மீ.யா என்று சொல்ல வழியே இல்லை. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுக்கச் சொன்னேன். புது நாணயத்தின் குறுக்களவு ஏறக்குறைய 2 செ.மீ. என்பதால் அதை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம்.

அப்புறம் தட்டு. எவர்சில்வர் தட்டில் வெளிச்சம் பட்டுத் தெறிப்பதால் கருப்பு, பழுப்பு, சாம்பல் மூன்றும் ஒன்றாகத் தெரியும். வெள்ளைக் காகிதத்தில் வைத்து, பகலில் ஜன்னல் ஓரமாக, ஃபிளாஷ் போடாமல் எடுத்தால் நிறம் உண்மையாக விழும். இரவில்தான் எடுக்க வேண்டும் என்றால் பரவாயில்லை, ஆனால் படத்தில் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள்.

மூன்றாவது, ஒன்றை உடைத்து உள்பக்கம் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். வெளித்தோற்றத்தில் ஏமாற்றும் பல பொருள்கள் உடைத்ததும் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆக, நாணயத்தோடு ஒரு முழுப்பொருள், உடைத்த ஒன்று, ஒரு கைப்பிடி சேர்ந்தாற்போல் இருப்பது என்று மூன்றும் ஒரே வெள்ளைத் தாளில் இருந்தால் போதும். கைப்பிடி எதற்கு என்றால், தனியாக ஒன்று உடைந்தோ வளர்ச்சி குன்றியோ இருக்கலாம். பத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் உண்மையான உருவம் தெரியும்.

ஐந்து நிமிடத்தில் புதுப்படம் வந்தது. நாணயத்தைவிட நீளம், இரண்டரை செ.மீ.க்குக் குறையாது. தடித்த உடல், ஒரு முனையில் கிண்ணம் மாதிரி ஒரு தொப்பி. கிராம்பு இல்லை என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

டப்பாவுக்குப் பக்கத்தில் என்ன இருந்தது?

பொருளைவிட அது இருந்த இடம் சில சமயம் அதிகம் பேசும். அது எந்த டப்பாவில், எந்தத் தட்டில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று கேளுங்கள். பட்டை, கொப்பரைத் துண்டு, காய்ந்த மிளகாயோடு ஒரே தூக்கில் இருந்தது என்றாள். பெங்களூரில், மாமியார் வீட்டில், கொப்பரையோடு. பிசிபேளாபாத் பொடிக்கு எடுத்து வைத்தது என்று ஊகிக்க இது போதும். கர்நாடகத்தில் அந்தப் பொடிக்கு மராட்டி மொக்கு இல்லாமல் ஆகாது.

சாமி அலமாரியில் இருந்தது, தாத்தா மருந்துப் பெட்டியில் இருந்தது, தோட்டத்து விதைப் பொட்டலத்தில் இருந்தது என்று சொன்னால் என் பதிலும் மாறும். அந்த மூன்று இடத்திலிருந்து வரும் எதையும் படத்தை வைத்து "சாப்பிடலாம்" என்று நான் சொல்வதில்லை.

பெயரையும் கேட்டு வையுங்கள், ஆனால் பெயரை நம்பி இறங்காதீர்கள். ஒரு பெயர் பல பொருள்களுக்கும் ஒரு பொருள் பல பெயர்களுக்கும் போகும். பெருஞ்சீரகம் என்றால் சோம்பு. இலங்கைத் தமிழ் வீடுகளில் பெருஞ்சீரகம் என்றுதான் சொல்வார்கள், சீரகத்தை நற்சீரகம் என்பார்கள், கிராம்பைக் கராம்பு என்பார்கள். இங்கே "கருப்புச் சீரகம்" என்று கேட்டு வருகிறவருக்கு வேண்டியது கருஞ்சீரகமா, பிரியாணிக்குப் போடும் சாஜீராவா என்று இரண்டு முறை கேட்காமல் நான் எடை போடுவதில்லை. கல்பாசி, கடல்பாசி குழப்பம் இன்னும் பெரிது. கல்பாசி என்பது பாறையிலும் மரப்பட்டையிலும் படர்ந்து வளரும் சருகு போன்ற மசாலா. கடல்பாசி என்பது ரம்ஜான் இனிப்புக்கு உறையவைக்கும் வெள்ளை இழை. இரண்டும் ஒரு கடையில் இருக்கும், பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் குருமாவில் கடல்பாசி விழுந்தால் குருமா கெட்டித்துப்போகும்.

மூன்று சந்தேகப் பொருள்கள்

கிராம்பு மாதிரி இருக்கிறதே என்று தோன்றும் பொருள்கள் நம் பக்கத்துக் கடைகளில் மூன்று. கிராம்பு, மராட்டி மொக்கு, சிறுநாகப்பூ.

கிராம்புக்கு நான்கு பற்களும் நடுவில் உருண்டைத் தலையும் உண்டு. நகத்தால் அமுக்கினால் எண்ணெய் கசிந்து நகத்தில் வழுக்கும், வாசனை கையை விட்டுப் போகாது. அமுக்கியும் எண்ணெய் வராமல் சுருங்கிக் கிடந்தால் அது ஏற்கெனவே எண்ணெய் எடுத்த கிராம்பாக இருக்கலாம். ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல கிராம்பு மூழ்கும், அல்லது தலை மேலே நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் எடுத்தது படுத்த மாதிரி மிதக்கும்.

சிறுநாகப்பூ மிகச் சிறியது. மெல்லிய காம்பின் நுனியில் மிளகு அளவில் ஓர் உருண்டை. படத்தில் கிராம்பாகவே தெரியும், நாணயம் வைத்தால்தான் பிடிபடும். நம் ஊரில் மருந்துச் சரக்காகப் போவதுதான் அதிகம். மகாராஷ்டிரத்தில் கோடா மசாலாவில் அரைப்பார்கள்.

மராட்டி மொக்கு இலவமர வகையைச் சேர்ந்த மரத்தின் பூத்து முடிந்த மொட்டும் பிஞ்சும் காய்ந்தது. பஞ்சு தரும் மரத்தின் மொக்கு சமையலில் ஏறியிருக்கிறது என்று சொன்னால் வாங்க வருகிறவர்கள் நம்புவதில்லை. இதை மூக்கில் வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, மரத்தூள் மாதிரி மந்தமான ஒரு வாசனை. இங்கேதான் புதிதாகப் பார்ப்பவர்கள் தவறுகிறார்கள். வாசனை இல்லையே, பழசாகிப் போயிருக்கும் என்று எடுத்து வீசிவிடுவார்கள். இதன் மணம் சூடான எண்ணெயிலோ நெய்யிலோதான் திறக்கும். கடுகும் மிளகும் சேர்ந்த மாதிரி, லேசான காரத்தோடு.

அவளிடம் அப்படியே செய்து பார்க்கச் சொன்னேன். சின்ன வாணலியில் அரை தேக்கரண்டி நெய், ஒரு மொக்கை உடைத்துப் போட்டு, குறைந்த தீயில் ஒரு நிமிடம். "கடுகு பொரிக்கிற மாதிரி வாசனை வருது" என்று பதில் வந்தது. அப்புறம்தான் பெயரைச் சொன்னேன்.

கவனியுங்கள், இந்தச் சூட்டுச் சோதனையை நான் கடைசியில்தான் சொன்னேன். டப்பா சமையல் டப்பா என்று தெரிந்து, உருவம் பொருந்தி, அளவும் பொருந்திய பிறகு. பெயர் தெரியாத பொருளை முதலிலேயே சூடாக்கி முகர்வது நல்ல யோசனை இல்லை. பல்லில் கடித்துப் பார்ப்பது அதைவிட மோசம்.

நான் தவறிய இடம்

விதைகளில்தான் படம் நன்றாக ஏமாற்றும். சில வருடங்களுக்கு முன் கருப்பு விதையின் படம் ஒன்று வந்தது. நாணயமும் இல்லை, ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை. "கருஞ்சீரகம், நாண் ரொட்டி மேலே தூவுங்க" என்று அடித்துவிட்டேன். அவர் ரொட்டி மேல் தூவியதோடு நிறுத்தாமல் குழம்புத் தாளிப்பிலும் போட்டுவிட்டார். குழம்பில் தவளை முட்டை மாதிரி ஜெல்லி ஜெல்லியாக மிதந்தது. அது சப்ஜா. அன்றைக்கு வந்த போனில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத வேண்டாம்.

ஒரு தேக்கரண்டித் தண்ணீரில் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். சப்ஜா, அதாவது திருநீற்றுப்பச்சிலை விதை, தண்ணீர் பட்டதும் தன்னைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஓர் உறையை வளர்த்துக்கொள்ளும், நடுவில் கருப்புப் புள்ளி நிற்கும். சியா விதையும் அப்படித்தான், ஆனால் கொஞ்சம் மெதுவாக, கால் மணி நேரமாவது எடுக்கும், உலர்ந்த நிலையில் புள்ளி புள்ளியாகச் சாம்பல் நிறமும் கலந்திருக்கும். கருஞ்சீரகமும் கருப்பு எள்ளும் அப்படி எந்த உறையும் வளர்க்காமல் கிடக்கும்.

ஊறாத விதைகளில் எள் தட்டையாக, ஒரு பக்கம் கூராக, வழவழப்பாக இருக்கும். கருஞ்சீரகம் மூன்று மூலை உடைய கல் துண்டு மாதிரி, பளபளப்பில்லாத கருப்பு. உள்ளங்கையில் தேய்த்தால் ஓமத்தை ஒத்த நெடி வரும்.

கருஞ்சீரகத்தை உருவத்தில் அப்படியே ஒத்திருப்பது வெங்காய விதை. பலர் கருஞ்சீரகத்தையே வெங்காய விதை என்று சொல்வதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. தேய்த்தால் வெங்காய விதையில் கருஞ்சீரகத்தின் நெடி இருக்காது. இதில் எனக்குப் பயம் ருசியைப் பற்றியது அல்ல. நடவுக்கு விற்கும் விதைகளில் பூஞ்சை மருந்து தடவியிருப்பார்கள், சாயமும் சேர்த்திருப்பார்கள். கையில் தேய்க்கும்போது இளஞ்சிவப்போ பச்சையோ ஒட்டினால், அல்லது விதைப் பொட்டலத்திலிருந்து வந்தது என்று தெரிந்தால், கையைக் கழுவிவிட்டுச் சமையலறையை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். சாயம் ஒட்டாவிட்டாலும் விதைப் பொட்டலம் விதைப் பொட்டலம்தான்.

எங்கே நிறுத்த வேண்டும்

நம் வீடுகளில் மருந்துச் சரக்கும் மசாலாவும் ஒரே அலமாரியில் இருப்பது வழக்கம். "பேர் சொல்லாதது" என்று பாட்டிமார் குறிப்பிடும் வசம்பு, சுக்குத் துண்டுக்குப் பக்கத்தில் கிடக்கும். அது வேர்த்தண்டு, சுக்கு மாதிரிதான் காய்ந்திருக்கும். சுக்கு என்று தட்டிக் காபியில் போட்டுவிட முடியாத சரக்கு அது. முகர்ந்தால் சுக்கின் காரமான வாசனை இல்லாமல் வேறொரு கனத்த நெடி வரும்.

அதைவிட ஆபத்தானவை நான்கைந்து உண்டு. சிவப்பில் கருப்புப் பொட்டு வைத்த குன்றிமணி, பளபளவென்று வரிகள் ஓடும் ஆமணக்கு விதை, சாம்பல் நிறத்தில் சட்டைப் பொத்தான் போலத் தட்டையாக இருக்கும் எட்டிக்கொட்டை, மிளகாய் விதையை ஒத்த ஊமத்தை விதை, சலவைத் துணிக்குக் குறி வைக்கப் பயன்பட்ட சேராங்கொட்டை. கடைசியில் சொன்னதை உடைத்தால் வரும் பால் தோலில் கொப்புளம் போட்டுவிடும். இந்த ஒன்றுக்காகவே, படத்தில் கருத்த, தட்டையான, இதய வடிவக் கொட்டை தெரிந்தால் "உடைத்துக் காட்டுங்கள்" என்று சொல்ல மாட்டேன்.

அன்னாசிப்பூவில் இன்னொரு சிக்கல். சீனத்து அன்னாசிப்பூதான் நாம் பிரியாணிக்குப் போடுவது, பெரும்பாலும் எட்டு இதழ். ஜப்பானிய வகை ஒன்று உண்டு, உருவத்தில் இதைப்போலவே இருக்கும், அது நஞ்சு. காய்ந்து உடைந்த நிலையில் இரண்டையும் படத்தில் பிரிக்க என்னால் முடியாது, யாராலும் கண்ணால் மட்டும் பிரிக்க முடியாது. அன்னாசிப்பூ தேநீர் குடித்தவர்களுக்கு, குழந்தைகள் உட்பட, நோய் கண்டதால் 2003-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தத் தேநீரைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரித்தது. ஆகவே கடையில் வாங்கிய பாக்கெட் என்றால் பிரியாணியில் ஒன்றிரண்டு போடட்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத அன்னாசிப்பூவைக் கொதிக்க வைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால் கூடாது என்பேன்.

பதிலை எப்படி எழுதுவது

அன்றைக்கு அவளுக்கு நான் எழுதியது இதுதான்: "மராட்டி மொக்கு. அத்தை பிசிபேளாபாத் பொடிக்கு வச்சிருப்பாங்க. அப்படியே போடாதே, எண்ணெயில் வறுத்துத்தான் போடணும். நாலு பேருக்கு ரெண்டு போதும்." முதலில் பெயர், அப்புறம் அது அங்கே இருப்பதற்கான காரணம், அப்புறம் செய்முறை, கடைசியில் அளவு. பெயரில் எனக்கு முழு உறுதி இல்லாவிட்டால் "மாதிரி இருக்கு" என்று எழுதுவேன், எதைச் செய்து பார்த்தால் உறுதியாகும் என்றும் கூடவே எழுதுவேன். "கருஞ்சீரகம் மாதிரி இருக்கு, தண்ணியில் போட்டு அஞ்சு நிமிஷம் பாரு" என்பது அரைகுறைப் பதிலாகத் தோன்றினாலும், ஜெல்லிக் குழம்பை அதுதான் தடுத்திருக்கும்.

மாற்றுப் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. உருவத்தை வைத்து மாற்று தேடுகிறவர்கள் மராட்டி மொக்கு இல்லையென்றால் கிராம்பைப் போடுகிறார்கள். இரண்டு மொக்குக்கு இரண்டு கிராம்பு என்று போட்டால்கூடப் பொடியில் வேறெதுவும் தெரியாது, கிராம்பு எல்லாவற்றையும் அமுக்கிவிடும். மணத்தை வைத்துத் தேடினால் விடை வேறு. வறுத்த மொக்கில் கடுகும் மிளகும் தெரிகின்றன, ஆகவே இரண்டு மொக்குக்கு மூன்று மிளகும் ஒரு சிட்டிகை கடுகும் கூடுதலாக வறுத்துக்கொண்டால் சுமாராகச் சமாளிக்கலாம். அசல் ருசி வராது. பிரியாணி, குருமாவில் என்றால் நான் மாற்றே தேடுவதில்லை, விட்டுவிடுவேன்.

அன்னாசிப்பூவுக்குச் சோம்பு சரியாக வரும், ஒரு பூவுக்கு அரை தேக்கரண்டி. சர்பத்துக்குச் சப்ஜா இல்லையென்றால் சியா, ஊறக் கொஞ்சம் நேரம் கூடக் கொடுக்க வேண்டும். ரொட்டி மேல் கருஞ்சீரகத்துக்குப் பதில் கருப்பு எள் தூவினால் பார்க்க அதேதான், ருசிக்கு ஓமம் ஒரு சிட்டிகை சேர்க்க வேண்டும். கல்பாசிக்கு மாற்று இல்லை. இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் அதன் நினைவே இல்லாமல் சமையுங்கள்.

மறுநாள் மதியம் இன்னொரு படம் வந்தது. மறுபடியும் வார்த்தை இல்லை. இந்த முறை தட்டில் பிசிபேளாபாத், மேலே நெய், ஓரத்தில் அப்பளம், அதற்குப் பக்கத்தில் அளவுக்காக ஒரு ரூபாய் நாணயம்.